நிலையும் சரியில்லை, நேரமும் இல்லை

முப்பத்தாறாவது நகர்வு. உங்கள் கடிகாரத்தில் மூன்று நிமிடம், எதிராளியிடம் இரண்டரை. பலகையில் உங்கள் கைதான் தாழ்ந்திருக்கிறது. ஒரு சிப்பாய் குறைவாக இருக்கலாம், இல்லை காய்கள் மூலையில் முடங்கியிருக்கலாம். இந்த இடத்தில் ஆட்டத்தை விட்டுவிடுபவர்களையும் அரைப் புள்ளியோடு எழுந்து போகிறவர்களையும் பிரிப்பது பெரும்பாலும் திறமை வித்தியாசம் அல்ல. அடுத்த நகர்வை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான்.

போட்டி ஆட்டத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டவருக்கு அந்த அரைப் புள்ளியின் கணக்கு தெரியும். ஃபிடே ரேட்டிங்கில் 2400-ஐ ஒருமுறையும் தொடாத ஒருவருக்கு கே எண் பொதுவாக 20. தோற்க வேண்டிய ஆட்டத்தை டிரா செய்தால் பத்துப் புள்ளி மிச்சம். 2300-க்குக் கீழே உள்ள, பதினெட்டு வயது நிரம்பாத பையனுக்கோ பெண்ணுக்கோ அது 40 என்பதால் இருபது. கிராண்ட்மாஸ்டர் நார்மோ ஒன்பது ஆட்டங்களில் 2600 அளவுக்கு ஆடிக் காட்ட வேண்டிய விஷயம். கடைசிச் சுற்றில் அரைப் புள்ளிக்கு நார்மைத் தவறவிட்டவர்களிடம் கேட்டால், ஏழாவது சுற்றில் நாற்பதாவது நகர்வுக்குள் விட்ட ஓர் ஆட்டத்தைச் சொல்வார்கள்.

முதலில் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். வசதியான நேரத்தில் நாம் தேடுவது பலகையிலேயே சிறந்த நகர்வை. நேர நெருக்கடியில், அதுவும் தாழ்ந்த நிலையில், அந்தத் தேடல் ஆபத்து. இருக்கிற மூன்று நிமிடத்தில் இரண்டரையைச் செலவழித்துச் சிறந்த தற்காப்பைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதற்குப் பின்னும் ஒவ்வொரு நகர்விலும் ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு என்றால், அந்தப் பதில்களைக் கண்டுபிடிக்க நேரம் எங்கே? ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. இதை ஆடிவிட்டால் என் அடுத்த இரண்டு மூன்று நகர்வுகள் யோசிக்காமலே வருமா? இதை ஆடிவிட்டால் எதிராளி யோசித்தே ஆக வேண்டுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், அது கொஞ்சம் குறைந்த நகர்வாக இருந்தாலும் ஆடுங்கள். முதலாவதற்கு மட்டும் 'ஆம்' என்றாலும் பரவாயில்லை. இரண்டாவதற்கு மட்டும் 'ஆம்' என்றால் எச்சரிக்கை தேவை. அவரைக் குழப்பும் நகர்வு உங்களையும் குழப்பினால், நிலை மோசமாக உள்ளவர்தான் முதலில் விழுவார்.

இந்தக் கேள்விகளுக்கு முன்னால், என்ன வகைக் கடிகாரத்தில் ஆடுகிறீர்கள் என்பது நினைவில் இருக்க வேண்டும். பெரிய போட்டிகள் பலவற்றில் நாற்பது நகர்வுக்கு ஒரு தவணை நேரம், அதைத் தாண்டினால் கூடுதலாக அரை மணி. அப்படியானால் முப்பத்தாறாவது நகர்வில் உங்கள் வேலை ஆட்டத்தைக் காப்பாற்றுவது அல்ல, இன்னும் ஐந்து நகர்வு ஆடுவது. அதுவரை திரும்பப் பெற முடியாத எதையும் செய்யாதீர்கள். சிப்பாயைத் தள்ளுவது, ராணியை மாற்றிக்கொள்வது போன்ற முடிவுகளை எதிராளி எடுக்கட்டும். நாற்பத்தொன்றாவது நகர்வில் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து யோசிக்க அரை மணி இருக்கும்.

முதல் நகர்விலிருந்தே முப்பது விநாடி இன்க்ரிமென்ட் உள்ள ஆட்டத்தில் இரண்டு பேரும் நெருக்கடியில் கிடந்தாலும் யாருக்கும் நேரம் முழுக்கத் தீராது. அங்கே எதிராளியின் நேரம் விழும் என்று காத்திருப்பது வீண். முப்பது விநாடியில் சரியாக ஆடக்கூடிய நிலையை அமைப்பதுதான் வழி. இன்க்ரிமென்ட் இல்லாத ஆட்டத்திலும், இரண்டு விநாடி மட்டும் கூடும் பிளிட்ஸிலும் கதை வேறு. அங்கே கடிகாரமும் ஒரு காய். உடனே ஆடக்கூடிய, ஓட்டையில்லாத நகர்வு எதுவானாலும் மதிப்புள்ளது.

கடிகாரத்தைத் தெரிந்துகொள்ளாமல் உட்கார்வதற்கு என்ன விலை என்பதற்கு 2015 நார்வே செஸ் போட்டியின் முதல் சுற்றே போதும். மாக்னஸ் கார்ல்சன் டோபலோவுக்கு எதிராக வெற்றி நிலையில் இருந்தார். அறுபதாவது நகர்வுக்குப் பின் கூடுதல் நேரம் வரும் என்று எண்ணி யோசித்துக்கொண்டிருந்தார். அந்தப் போட்டியில் அப்படி எதுவும் இல்லை. நேரம் தீர்ந்து தோற்றார். டோபலோவ் செய்ததெல்லாம், மோசமான நிலையில் எழுந்து போகாமல் ஆடிக்கொண்டே இருந்ததுதான்.

சரி, முப்பது விநாடியை எப்படிச் செலவு செய்வது? எதிராளி யோசிக்கும் நேரத்தில் பொதுவான விஷயங்களைப் பாருங்கள்: எந்தக் காய் முடங்கிக் கிடக்கிறது, அவருடைய எந்தச் சிப்பாய்க்குக் காவல் இல்லை, ராஜா எங்கே நின்றால் செக் வராது. உங்கள் கடிகாரம் ஓடும்போது இதையெல்லாம் தொடக் கூடாது. அப்போது குறிப்பான கணக்கு மட்டும். முதல் பத்து விநாடி முழுக்க எதிராளியின் அச்சுறுத்தலுக்கு: அவருடைய செக்குகள், அவர் வெட்டக்கூடிய காய்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராகத் தன் திட்டத்துக்குப் போவதால்தான் நேர நெருக்கடித் தவறுகளில் பெரும்பாலானவை நடக்கின்றன. அடுத்த பத்து விநாடியில் இரண்டே இரண்டு நகர்வுகளை எடுத்து அந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது நகர்வைத் தேடாதீர்கள். மிச்ச விநாடிகளில், கை காயைத் தொடுமுன் ஒருமுறை பலகை முழுவதையும் பாருங்கள். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்ற விதி நடுங்கும் கைக்கு இரக்கம் காட்டாது.

இப்போது ஓர் உதாரணம். பலகையை எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது. நாம் வெள்ளை. நம் ராஜா g2-இல், யானை a2-இல், சிப்பாய்கள் a3, f2, g3, h4. கறுப்பு ராஜா g7-இல், யானை b3-இல், சிப்பாய்கள் a4, f7, g6, h5. ஆட வேண்டியது நாம்.

எண்ணிப் பார்த்தால் சிப்பாய்கள் நாலுக்கு நாலு, சமம். ஆனால் நிலை சமம் அல்ல. நம் யானை a3-க்குக் காவலாளியாக மூலையில் நிற்கிறது. அவருடைய யானை அதே சிப்பாயைத் தாக்கிக்கொண்டு மூன்றாவது வரிசை முழுவதையும் அடைத்திருக்கிறது. நம் ராஜா அந்த வரிசையில் கால் வைக்கவே முடியாது. கறுப்பு ராஜாவுக்கோ நடுப்பலகை திறந்து கிடக்கிறது.

நேரம் இல்லாதவரின் கை இயல்பாகப் போவது காத்திருக்கும் நகர்வுக்கு: ராஜாவை f1, g2 என்று முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பது. ஒரு விநாடியில் ஆடிவிடலாம், எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஆனால் கறுப்பு ராஜா f6, e5, d4, c3 என்று நாலு நகர்வில் வந்துவிடும். அடுத்து கறுப்பு யானை b2-க்கு வந்து மாற்றத்துக்கு நிற்கும். மாற்றினால் அவருடைய ராஜா b2-இல் வெட்டி, a3-ஐயும் தின்று, a சிப்பாயை ராணியாக்கிவிடும். நம் ராஜா எட்ட முடியாத தூரத்தில் நிற்கும். அதாவது சும்மா இருந்தால் ஐந்தாறு நகர்வில் கதை முடிந்தது.

சும்மா இருக்காமல் ராஜாவை இடப்பக்கம் கொண்டுபோய்த் தடுக்கலாம். அது இன்னும் உயிருள்ள யோசனை. ஆனால் ராஜா d2-க்கு வந்த கணம், நம் யானைக்கும் f2 சிப்பாய்க்கும் நடுவே அது நின்றுவிடும். கறுப்பு யானை f3-க்குப் பாய்ந்து f2-ஐத் தாக்கும். நாம் e2-க்குத் திரும்ப வேண்டும், அவர் மறுபடி மூன்றாவது வரிசையில் நகர்ந்து இன்னொரு பக்கம் சோதிப்பார். ஒவ்வொரு நகர்விலும் எந்தக் கட்டம் சரி என்று எண்ண வேண்டியது நாம்தான். அவருக்கு ஆபத்தே இல்லை. நன்றாக இருந்தால் முன்னேறுவார், இல்லையென்றால் திரும்பி வருவார். தாங்கக்கூடிய தற்காப்பாகவே இருந்தாலும், முப்பது விநாடி ஆட்டத்துக்கு ஏற்ற தற்காப்பு அல்ல இது.

இனி மூன்றாவது வழி. யானையை c2-க்கு எடுங்கள். a3 போகட்டும். கறுப்பு யானை அதை வெட்டியதும் நம் யானை c4-க்கு. இப்போது நிலையைப் பாருங்கள். ஒரு சிப்பாய் குறைந்துவிட்டது, ஆனால் மூலையில் கிடந்த யானை நாலாவது வரிசையை ஆள்கிறது. a4 சிப்பாயைப் பக்கவாட்டில் தாக்குவதால் கறுப்பு யானை a வரியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் a4 நமக்கு. சிப்பாய்க்கு முன்னால் அதன் யானையே நிற்பதால் சிப்பாயும் இப்போதைக்கு நகர முடியாது. அவர் யானையை a1-க்கோ a2-க்கோ இறக்கி, பிறகு சிப்பாயை a3-க்குத் தள்ளினால், நம் யானை a4-க்கு வந்து சிப்பாயின் முதுகில் அமர்ந்துவிடும். கடந்த சிப்பாய்க்குப் பின்னால் யானை என்ற பழைய பாடம் எதிராளியின் சிப்பாய்க்கும் பொருந்தும்.

ராஜாவைக் கொண்டுவந்து a4-க்குக் காவல் போடலாமே என்று அவர் நினைப்பார். அங்கேதான் f7 குறுக்கே வருகிறது. ராஜா f6-க்கு வந்தால் f4-இல் செக். அங்கிருந்து அது e5-க்கு நடந்தால் f7-ஐ வெட்டிவிடலாம், சிப்பாய்கள் மறுபடி சமம். f7-ஐ விடாமல் g7-க்குத் திரும்பினால் முன்னேற்றம் இல்லை. f4-இல் நிற்கும் ஒரே யானையின் பார்வையில் a4-உம் f7-உம் இருக்கின்றன. இனி நம் வேலை அந்த வரிசையிலேயே யானையை வைத்திருப்பது, ராஜாவை g2-இல் வைத்திருப்பது. ஒவ்வொரு நகர்வும் ஐந்து விநாடி.

எதிராளியின் பக்கம் பாருங்கள். அவர் ஒரு சிப்பாய் கூடுதலாக எடுத்திருக்கிறார், ஆகவே ஜெயிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர் தலையில் ஏறிவிட்டது. ஆனால் எந்தத் திட்டமும் நேராகப் போகவில்லை. ராஜாவை அனுப்பினால் f7, அனுப்பாவிட்டால் முன்னேற்றம் இல்லை, f சிப்பாயைத் தள்ளினால் g6 பலவீனம். இப்போது யோசிக்க வேண்டியவர் அவர். ஒரு நகர்வுக்கு முன்னால் அது நாமாக இருந்தோம். நடைமுறை நகர்வு என்று சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

இந்த நிலையிலும் ஒரு கண்ணிவெடி உண்டு. கறுப்பு சிப்பாய் a2 வரை வந்து, அவர் யானை a1-இல், நம் யானை a வரியில் பின்னால் நிற்கும் நிலை வரலாம். அப்போது நம் ராஜா g2, h2 கட்டங்களை விட்டு எங்கும் போகக் கூடாது. h3-க்கு ஏறினால் கறுப்பு யானை h1-இல் செக் வைத்துக்கொண்டே விலகும், சிப்பாய் ராணியாகும். d2-க்கு நடந்து போனால் கறுப்பு யானை f1-க்குப் போகும். நாம் ஆசையாக a2-ஐ வெட்டினால் f2-ஐ வெட்டிச் செக், ராஜா விலகியதும் யானை போய்விடும். இதை ஆட்டத்தின் நடுவே கண்டுபிடிக்க நேரம் இருக்காது. யானை ஆட்டக் கடைநிலைகளில் இப்படி ஐந்தாறு மாதிரிகளை முன்பே கைக்குள் வைத்திருப்பவருக்குத்தான் நேர நெருக்கடியில் நகர்வு 'யோசிக்காமலே' வரும். உள்ளுணர்வு என்று வெளியே தெரிவது பெரும்பாலும் இந்த மனப்பாடம்தான்.

நெருக்கடியில் இருப்பவரை இழுக்கும் இன்னொரு ஆசை, காய்களை மாற்றிக்கொள்வது. காய் குறைந்தால் கணக்கு குறையும், மூச்சு விடலாம் என்று தோன்றும். சிப்பாய் குறைவாக உள்ளவர் சிப்பாய்களை மாற்றலாம், காய்களை மாற்றுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும் என்பது பொதுவான பாடம். யானை ஆட்டத்தில் ஒரு சிப்பாய் குறைவு பல நேரம் டிரா. அதே குறைவு ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் ஆட்டத்தில் பெரும்பாலும் தோல்வி.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகமே பார்த்த உதாரணம் இது. உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். இருவரும் ஆறரைப் புள்ளியில் சமமாக இருந்தார்கள். டிங் லிரென் வெள்ளை, சென்னையின் குகேஷ் கறுப்பு. இரண்டு பக்கமும் ஒரு யானை, ஒரு பிஷப். டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு. டிரா ஆகக்கூடிய நிலைதான். ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் யானையை f2-க்கு வைத்து மாற்றத்துக்கு அழைத்தார். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் பிஷப்பை d5-க்குக் கொண்டுவந்தார். டிங்கின் பிஷப் a8 மூலையில் இருந்தது. மூலையிலிருந்து அதற்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான், அந்தப் பாதையிலேயே கறுப்பு பிஷப் ராஜாவின் காவலோடு வந்து நின்றுவிட்டது. தப்ப இடமில்லை. பிஷப்பும் மாறியது, மிஞ்சியது தோற்ற சிப்பாய் ஆட்டம். மூன்று நகர்வில் டிங் விட்டுக்கொடுத்தார். யானையை இரண்டாவது வரிசையிலேயே வைத்து நகர்த்திக்கொண்டிருந்தால் குகேஷ் இன்னும் நெடுநேரம் உழைக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்த ஆட்டத்தில் நேர நெருக்கடி இரண்டு பக்கமும் சமமாக இருக்கவில்லை. ஆனால் தவறின் வகை நமக்கு நன்றாகத் தெரிந்தது. சோர்ந்த மனம் 'இதை முடித்துவிடலாம்' என்று சொல்லும்போது அதை நம்பக் கூடாது. மாற்றத்துக்குக் கை போனால் ஒரே ஒரு கேள்வி: இரண்டு காயும் பலகையை விட்டுப் போன பிறகு அவருடைய முதல் நகர்வு என்ன? பதில் தெரியாவிட்டால் மாற்றாதீர்கள்.

பொறி வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாழ்ந்த நிலையில் இருப்பவர் பொறி வைக்கத்தான் செய்வார், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1963-64 அமெரிக்க சாம்பியன் போட்டியில், பாபி ஃபிஷர் பதினோரு ஆட்டத்தையும் வென்ற அதே போட்டியில், லாரி எவன்ஸ் சாமுவேல் ரெஷெவ்ஸ்கியிடம் முற்றிலும் தோற்ற நிலையில் இருந்தார். ரெஷெவ்ஸ்கி வாழ்நாள் முழுக்க நேர நெருக்கடியோடு குடித்தனம் நடத்தியவர். எவன்ஸ் தன் சிப்பாயை h4-க்குத் தள்ளினார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத நகர்வு. ரெஷெவ்ஸ்கி செக் வைத்து ராஜாவை மூலைக்குத் துரத்தினார், பிறகு ராணியால் g3-ஐ வெட்டினார். எவன்ஸ் ராணியை g8-இல் பலி கொடுத்தார், அடுத்து யானையை g7-இல் செக்காக நீட்டினார். யானையை வெட்டினால் ஸ்டேல்மேட்: எவன்ஸின் ராஜாவுக்கும் சிப்பாய்களுக்கும் நகர இடமே இல்லை. வெட்டாவிட்டால் அந்த யானை முடிவில்லாமல் செக் வைக்கும். டிரா.

இந்தப் பொறியின் தரம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். h4 ஆடியதால் எவன்ஸ் எதையும் இழக்கவில்லை. ரெஷெவ்ஸ்கி கண்டுபிடித்திருந்தால் தோல்வி, ஆனால் அது ஏற்கெனவே தோல்விதான். இன்னொன்று, பொறியில் விழும் நகர்வு இயல்பானதாக இருந்தது. நெருக்கடியில் இருப்பவர் கை தானாகவே அந்தப் பக்கம் போகும். இந்த இரண்டும் இல்லாத பொறி மலிவான மிரட்டல். ராணியை ஒரு பக்கம் ஓட்டி ஒற்றை நகர்வு அச்சுறுத்தல் வைப்பது, அவர் ஒரு சிப்பாயை முன்னே வைத்ததும் அசடு வழியத் திரும்பி வருவது: இதில் அவருக்கு ஒரு நல்ல நகர்வு இலவசமாகக் கிடைக்கிறது, உங்களுக்கு விநாடிகள் போகின்றன. ஆடுமுன் கேட்க வேண்டியது: அவர் பார்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம், என் நிலை இப்போதைவிடக் கெட்டுவிடுமா? கெடும் என்றால் விட்டுவிடுங்கள். நிலை டிராவுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது சூதாடுவதும் இதே தவறுதான். எவன்ஸ் போன்ற ஆட்டம், இழக்க எதுவும் மிச்சமில்லாத இடத்துக்கு மட்டும்.

எதிராளியின் நேரம் குறைவதைப் பார்த்து நாமும் வேகமாக ஆடத் தொடங்குவது இன்னொரு தொற்று நோய். அவரிடம் நாற்பது விநாடி, நம்மிடம் ஒரு நிமிடம் என்றால், பரபரவென்று ஆடி அவரைத் திணறடிக்கலாம் என்று தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. நாம் இரண்டு விநாடியில் ஆடும் நகர்வு பெரும்பாலும் அவர் எதிர்பார்த்த நகர்வாகவே இருக்கும், ஆகவே அவரும் இரண்டு விநாடியில் பதில் சொல்வார். அவரைத் திணறடிப்பது எதிர்பாராத நகர்வு, வேகமான நகர்வு அல்ல. நம்மிடம் உள்ள கூடுதல் இருபது விநாடியை ஒரே நகர்வில், அவருடைய திட்டத்தைத் திருப்பக்கூடிய ஓர் இடத்தில் செலவழிப்பது அதைவிட லாபம்.

விதிகளால் வரும் இழப்புகளும் இந்தக் கட்டத்தில்தான் குவிகின்றன. விதிக்குப் புறம்பான நகர்வை ஆடிக் கடிகாரத்தை அழுத்தினால், முதல் முறைக்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், இரண்டாம் முறை ஆட்டமே போகும். அவர் நாற்பது விநாடியில் தவித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு நிமிடப் பரிசு! செக் வைத்ததைக் கவனிக்காமல் ஆடுவது, கோட்டை கட்டுகையில் இரண்டு கையையும் பயன்படுத்துவது எல்லாம் இதில் அடங்கும். முப்பது விநாடி இன்க்ரிமென்ட் இருக்கும் ஆட்டத்தில் நகர்வுகளைக் கடைசி வரை எழுதியாக வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் எழுத வேண்டாம் என்ற சலுகை அந்த அளவு இன்க்ரிமென்ட் இல்லாத ஆட்டங்களுக்கு மட்டும்தான்.

ஒரே நிலை மூன்று முறை வந்ததாக டிரா கோர வேண்டும் என்றால், அந்த நிலையை உண்டாக்கும் நகர்வைப் பலகையில் ஆடாதீர்கள். ஸ்கோர் ஷீட்டில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் சொல்லுங்கள். ஆடிக் கடிகாரத்தை அழுத்திவிட்டால் அந்த வாய்ப்பு போய்விட்டது. கோரிக்கை தவறானால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும் என்பதால் எண்ணிக்கையில் உறுதி வேண்டும். தாழ்ந்த நிலையில் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வரும் நகர்வுகளைத் தேடுவது நல்ல பழக்கம். எதிராளி அதை உடைக்க விரும்பினால் அவர்தான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். டிரா கேட்பதானால் நகர்வை ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்துமுன் ஒரே ஒரு முறை. அவர் ஒரு திட்டம் உடைந்து முகம் சுளிக்கும் நேரம் அதற்குச் சரியான நேரம். நகர்வுக்கு நகர்வு கேட்டுக்கொண்டிருந்தால் தொந்தரவு என்று நடுவர் கண்டிப்பார், கண்டிக்கவும் வேண்டும்.

இன்க்ரிமென்ட் இல்லாத ஆட்டத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு. எதிராளியின் நேரம் தீர்ந்தாலும், உங்களிடம் எந்த வரிசை நகர்வாலும் மேட் வைக்க முடியாத பலம்தான் இருந்தால் அது டிரா. தனி ராஜா மட்டும் மிஞ்சினால் அரைப் புள்ளிக்கு மேல் கிடைக்காது. ஒரே ஒரு சிப்பாய் இருந்தாலும் முழுப் புள்ளி. ஆகவே சிப்பாய்களை மாற்றிக் கரைக்கும் பொது விதியை அங்கே கொஞ்சம் தளர்த்த வேண்டும். கடைசிச் சிப்பாயை, முடங்கிக் கிடக்கும் விளிம்புச் சிப்பாயாக இருந்தாலும், பலகையில் வைத்திருங்கள்.

பயிற்சிக்கு வருவோம். புதிர்ப் புத்தகம் இதற்கு உதவாது, ஏனென்றால் புதிரில் எப்போதும் ஒரு வெற்றி ஒளிந்திருக்கும். உங்கள் சொந்த ஆட்டங்களில் முப்பதாவது நகர்வு வாக்கில் தாழ்ந்திருந்த நிலைகளைத் தனியே எடுத்து வையுங்கள். உங்களுக்குச் சமமான ஒரு நண்பரோடு, ஆளுக்கு மூன்று நிமிடமும் நகர்வுக்கு ஐந்து விநாடியும் வைத்து, தாழ்ந்த பக்கத்திலிருந்து ஆடுங்கள். பிறகு பக்கம் மாற்றி அதே நிலையை மறுபடி ஆடுங்கள். மேலான பக்கத்தில் உட்காரும்போது எந்த நகர்வு உங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது என்று பாருங்கள். அதுதான் நீங்கள் தாழ்ந்த பக்கத்தில் தேட வேண்டிய நகர்வு. மேலே சொன்ன யானை நிலையிலிருந்தே தொடங்கலாம். யானையை c2-க்கு எடுத்து ஒரு சுற்று, ராஜாவை இடப்பக்கம் நடத்தி ஒரு சுற்று.

போட்டியில் ஆடும்போது ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் கடிகார நேரத்தைக் குறித்து வையுங்கள். ஸ்கோர் ஷீட்டில் நேரம் எழுத விதி அனுமதிக்கிறது. ஆட்டம் முடிந்ததும் முதலில் நகர்வுகளைப் பார்க்காமல் அந்த எண்களைப் பாருங்கள். தாழ்ந்த நிலைக்கு வந்த பிறகு நீங்கள் அதிகம் யோசித்தது எந்த நகர்வுக்கு, எதிராளி அதிகம் யோசித்தது எந்த நகர்வுக்குப் பிறகு என்று அடிக்கோடிடுங்கள். உங்கள் நீண்ட யோசனைகளுக்குப் பிறகும் அவர் பத்து விநாடியில் பதில் சொல்லியிருந்தால், நீங்கள் சிறந்த நகர்வைத் தேடியிருக்கிறீர்கள் என்று பொருள். கணினியைத் திறப்பது அதற்குப் பிறகு.